படகோட்டி எழுதாத பாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். முழங்கால் வலி குறைந்ததா?

நீங்கள் தினமும் பாடும் ‘என் கரை அறிந்த கர்த்தரே’ பாட்டு பிறந்த கதையைச் சபைக்காக ஒரு நிமிட வீடியோவாகச் செய்தேன். புயலில் தப்பிய படகோட்டி எழுதியது என்பார்களே, அது தவறு. பாட்டுப் புத்தகத்தின் முதல் பதிப்பில் ‘கறை’ என்றுதான் இருக்கிறது. எழுதியவர் மருத்துவமனைத் துணி துவைத்த பெண் என்று முன்னுரையே சொல்கிறது. பிந்தைய அச்சுப்பிழைதான் படகைக் கொண்டுவந்திருக்கிறது.

“படகு இருந்தாத்தான்பா பாப்பாங்க,” என்றார் போதகர். படகிலேயே தொடங்கி, பழைய பக்கத்தின் ‘ற’வைப் பெரிதாக்கிக் காட்டினேன். மனிதர் இன்னொரு முறை போடச் சொன்னார்.

முடிவில் ஒலிக்க ஒரு குரல் வேண்டும். போனில் பாடி அனுப்புங்கள். உங்கள் வாயில் இரண்டு எழுத்தும் ஒன்றுதான், கவலையில்லை. ஃபேனை மட்டும் நிறுத்தாதீர்கள். அந்தக் கடகட சத்தமும் எனக்கு வேண்டும்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் சின்னவன்