காணாமல் போன 'இருந்தால்'

மார்ச் 4

சுண்டெலிக்கு, அப்பா எழுதுவது.

உன் அம்மா நலம். நான் வழக்கம்போல அவளுக்குத் தொல்லை. இருபத்தாறாம் தேதி ஃபாக்டரியில் எனக்குக் கடைசி நாள். இங்கே யாருக்கும் தமிழ் தெரியாதே, அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஆங்கிலத்தில் நாலைந்து வரி கேட்கிறார்கள். என் ஆங்கிலம் லேபிள் மெஷினைத் திட்டத்தான் போதும். நீ மாற்றி அனுப்பு:

"நண்பர்களே, இருபத்திரண்டு வருஷம் என்னைப் பொறுத்துக்கொண்டீர்கள். தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள். எல்லோரும் நன்றாக இருக்கணும். போய் வருகிறேன்."

ஷாம்பு பாட்டிலில் தரை துடைக்கிற மருந்தின் லேபிள் ஏறியதற்கு என் தலையை உருட்டினாரே சூப்பர்வைசர், அவரும் படிப்பார். மரியாதையாக இருக்கட்டும்.

அப்பா

மார்ச் 12

அன்புள்ள அப்பா,

ஆங்கிலத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். 'பொறுத்துக்கொண்டீர்கள்' என்பது ஆங்கிலத்தில் நீங்கள் தொந்தரவு பிடித்தவர் போல ஒலிக்கும். 'அன்பாக இருந்தீர்கள்' என்று மாற்றினேன். 'போய் வருகிறேன்' என்றால் எப்போது வருவீர்கள் என்று கேட்பார்கள், அதனால் 'குட்பை'. மன்னிப்பு வரி நீளமாக இருந்தது, சுருக்கிவிட்டேன்.

உங்கள் சுண்டெலி

மார்ச் 27

மகளுக்கு,

சுருக்கினாயா? என் கழுத்துக்கே சுருக்குப் போட்டுவிட்டாய்!

பலகை முன்னால் சூப்பர்வைசர் சத்தமாகப் படித்தார்: 'நான் செய்த தவறுகளுக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.' அப்புறம் திரும்பி, "பாத்தீங்களா? லேபிள் மாத்தினதை அவரே எழுத்துல ஒத்துக்கிட்டாரு" என்றார். அன்றைக்கு மெஷினில் தப்பான லேபிள் ரோலை மாட்டியது அவர் கைதான். எனக்கு வாயில் வந்ததெல்லாம் தமிழ். அங்கே யாருக்குப் புரியும்? கேக் வெட்டினார்கள். கோபத்தில் இரண்டு துண்டு தின்றேன்.

'செய்திருந்தால்' எங்கே? படித்தவள், அதைக்கூடப் பார்க்கமாட்டாயா?

அப்பா

ஏப்ரல் 3

அப்பா,

தப்பு என்னுடையதுதான். 'இஃப்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. ஆனால் எனக்கும் கோபம். செய்யாததற்கு எதற்கு மன்னிப்பு? நம் வீட்டில் விருந்தாளி கிளம்பும்போதுகூட நீங்கள் மன்னிப்புக் கேட்பீர்கள். அவர்கள் மொழியில் மன்னிப்புக் கேட்டால் குற்றம் செய்தவர் என்று அர்த்தம். அந்த வரியே இல்லாமல் புதிதாக எழுதியிருக்கிறேன். இதை ஒட்டுங்கள்.

சுண்டெலி

ஏப்ரல் 11

சுண்டெலிக்கு,

உன் புதுத் தாளை ஒட்டவில்லை. மன்னிப்புக் கேட்காமல் கிளம்ப எனக்கு வராது. என் லாக்கரைக் காலி செய்யணும் என்று வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே போனேன். பழைய தாள் அப்படியே தொங்கியது. அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே 'இஃப்' போட்டு நானே எழுதினேன். 'மன்னித்துவிடுங்கள்' என்பதற்கு ஆங்கில ஸ்பெல்லிங் தெரியாமல், பேக்கிங் பிரிவில் வேலை செய்கிற பெண்ணைக் கேட்டேன். அவள் எழுதிக் கொடுத்துவிட்டு, சூப்பர்வைசர் காதில் விழுகிற மாதிரி, "அப்போ ரோலை மாட்டினது யாருங்க?" என்றாள். அவர் மேலே காற்றாடியைப் பார்த்தார். மெஷின்கூட நின்றிருந்தது. ஒருத்தர் பாக்கியில்லாமல் அவரையே பார்த்தார்கள்.

என் கோபம் இன்னும் தீரவில்லை. இனி என் வரியைச் சுருக்காதே. ஆனால் 'குட்பை'யை மட்டும் அடிக்கவில்லை. அந்த இடத்துக்கு நான் போய் வருவதாக இல்லை.

உன் வீட்டுக்குத்தான் வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை. ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால் மன்னித்துவிடு. 'இருந்தால்' போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

அப்பா