பை என்று எழுதியதால்

ஜூலை 3, வியாழன்

மழை. காலையிலிருந்து விடவில்லை. துணி உலரவில்லை. அப்பா ஈரச் சட்டையோடு முதல் ஷிப்டுக்குப் போனார்.

இன்றைய வேலை: சேலை பிரிப்பது. தமிழ் மன்றத்து மீனாட்சி ஆண்ட்டி, அடுக்குமாடி சொசைட்டி வீடுகளில் கேட்டு வாங்கிய பழைய சேலைகளை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். பத்து நாளில் நூறு துணிப்பை தைக்க வேண்டும். 13ஆம் தேதி ஆகுர்டி மண்டயில், அதாவது காய்கறிச் சந்தையில், மன்றத்தின் சார்பில் கொடுக்கப் போகிறார்கள்.

மூட்டையில் பாதிக்கு மேல் பாலியஸ்டர். அம்மா ஒவ்வொன்றாகக் கசக்கிப் பார்த்துத் தள்ளி வைத்தாள்.

"இது பூராவும் பிளாஸ்டிக் நூலுதான ளா. இதுல பை தச்சி பிளாஸ்டிக்க ஒழிக்கப் போறாவளாம்."

அம்மா ஆண்ட்டியிடம் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காட்டன் மட்டும் பதினான்கு தேறியது. ஒரு சேலைக்கு ஏழு, எட்டுப் பை. இரண்டு மடிப்பாகப் போட்டால்தான் உருளைக்கிழங்கு தாங்கும்.

மூட்டையைப் போட்டுவிட்டுப் போகும்போதே ஆண்ட்டி என்னிடம், "நீ தமிழ் நன்னா எழுதுவியாமே? பைகூட கொடுக்க ஒரு கவிதை எழுதிக் கொடேன். இங்க பொறந்த பசங்களுக்கு அ, ஆ கூட வராது. சீட்டுல உன் பேர் போடறேன்" என்றார்.

தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை.

என் பேர் கடைசியாக அச்சில் வந்தது எட்டாம் வகுப்பு மார்க் ஷீட்டில். மராத்தியில் பதினொன்று. அதன் பிறகு பள்ளி இல்லை.

ஜூலை 5, சனி

மழை விட்டு விட்டு. கைப்பிடி வெட்டி முடித்தேன். நாலாக மடித்துத் தைக்க வேண்டும். பையோடு சேரும் இடத்தில் ஒரு சதுரம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி. இல்லாவிட்டால் முதல் நாளே பிய்ந்துவிடும். அந்த மூலையில் ஆறு மடிப்புத் துணி. இரண்டு ஊசி உடைந்தது.

கவிதை எழுத வேண்டுமே என்று நேற்று மண்டயில் நின்று பார்த்தேன். பத்து நிமிடம். ஒரு அக்கா வாங்கியது:

தக்காளி – ஒரு கவர்
மிளகாய் – ஒரு கவர்
கொத்தமல்லி – ஒரு கவர்
எல்லாவற்றையும் போட ஒரு பெரிய கவர்

இதை அப்படியே எழுதினால் என்ன என்று தோன்றியது. எழுதினேன்.

*தக்காளி கால் கிலோ, அதற்கொரு கவர்.*
*மிளகாய் ஒரு கைப்பிடி, அதற்கொரு கவர்.*
*கொத்தமல்லி ஒரு கட்டு, அதற்கொரு கவர்.*
*எல்லாம் போட்டுக்கொள்ள இன்னொரு கவர்.*
*வீடு வரும் வரைதான் கையில் இருக்கும்.*
*மழை வந்தால் சாக்கடைக்கு நடந்து போகும்.*
*சாக்கடை நிறைந்து வாசலுக்கு வரும்.*
*நாம் வீசிய கவர் நம்மைத் தேடி வரும்.*

கடைசி இரண்டு வரி:

*உதறிப் போட்டால் ஒரு நொடிதான்.*
*அது போய்ச் சேர ஊரே இல்லை.*

இந்த இரண்டும் எனக்குப் பிடித்தது. அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். முதுகு வலி. அம்பத்திரண்டு பை முடிந்தது.

கவிதையை ஆண்ட்டிக்குப் போனில் அனுப்பியிருந்தேன். இன்று வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நன்னாதான் இருக்கு. ஆனா முடிவு ஏக்தம் டல்லா இருக்கும்மா. மண்டயில யாரு நின்னு யோசிப்பா? நாம ஒண்ணு சொன்னா கூட்டம் திருப்பிச் சொல்லணும். ஸ்லோகன் மாதிரி. சமஜ்லியா?"

சமஜ்தான், புரிந்தது. கடைசி இரண்டு வரி போயிற்று.

அங்கேயே உட்கார்ந்து வேறு எழுதினேன். கை தட்டிப் பார்த்தேன். கத்துகிற வரி நாலு தட்டுக்குள் முடிய வேண்டும். முடியும் சொல்லை இரட்டித்தால் கூட்டம் தானாகப் பிடித்துக்கொள்ளும். வந்தது:

*பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வேண்டாம்!*
*துணிப்பை ஒன்றே போதும், போதும்!*

ஆண்ட்டி சந்தோஷமாகக் கைதட்டினார். பிறகு, "கவர்னு இருக்கே, அது இங்கிலீஷ் இல்லையா? தமிழ் மன்றம்னு போட்டுட்டு கவர்னா நல்லா இருக்காது. எல்லா இடத்துலயும் பைனு மாத்திடு" என்றார்.

பிளாஸ்டிக்கும் இங்கிலீஷ்தானே என்று வாய் வரை வந்தது. வரவில்லை. வீட்டில் யாரும் அதைப் பை என்று சொல்வதில்லை. பை என்றால் துணி. கவர் என்றால் கவர்.

மாற்றினேன். என் பேர் போடப் போகிறவர் அவர்.

அம்மா அவர் போனதும், "ஏன்ட்டி, அவ்வொ சொன்னா உடனே அழிச்சிருவியா?" என்றாள். மெஷினை மிதித்தேன்.

ஜூலை 11, வெள்ளி

மழை. நூல் தீர்ந்து வாங்கி வந்தேன். எண்பத்தெட்டு பை ஆயிற்று.

சீட்டு வந்துவிட்டது. கால் பக்கக் காகிதம், முந்நூறு. கீழே என் பேர். "எழுதியது: கௌசல்யா." நாலைந்து தடவை பார்த்தேன். ஆண்ட்டி ஒன்றை லேமினேஷன் செய்து அட்டையாகப் பிடிக்கலாம் என்றார்.

"அதுவும் பிளாஸ்டிக்தானே ஆண்ட்டி."

இதை நான்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "அரே ஹான்!" அட ஆமாம் என்று சிரித்தார்.

மைக்கில் படிக்கப் போவது அவர் மகள் ஷ்ரேயா. காலேஜ். தமிழ் பேசுவாள், படிக்க வராது. ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். நான் பை கொடுக்க நின்றால் போதும். நிம்மதி.

ஜூலை 13, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதிவிட்டுத் தூங்கிவிடலாம்.

மழை இல்லை. வானம் மட்டும் மூட்டம். ஒன்பது மணிக்கு மண்டய். சேறு. உருளைக்கிழங்கு, வெங்காயம் விற்கிற சகாராம் காகா கடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டோம். அவருக்கு ஒரு கால் முட்டிக்குக் கீழே செயற்கைக் கால். சாக்குமேல் நீட்டி வைத்துக்கொண்டுதான் தராசு பிடிப்பார்.

ஷ்ரேயா படித்தாள். நன்றாகத்தான் படித்தாள். ஆனால் கையில் இருந்தது ஆங்கில எழுத்து. p, a, i. பை என்பது அவள் வாயில் பாய் என்று வந்தது.

"தக்காளி கால் கிலோ, அதற்கொரு பாய்."

நம் ஊர் ஆள் ஒருவர், ஏதோ கம்பெனி யூனிஃபார்ம், காய் பொறுக்கிக்கொண்டே நிமிர்ந்தார். "தக்காளிக்குப் பாயா? படுத்துத் தூங்கவா?"

நாலு பேர் சிரித்தார்கள். ஷ்ரேயாவுக்குக் கேட்கவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் மைக்கில் ஹிந்தியில், "வேண்டாம் மத்லப் நஹி சாஹியே! மேரே சாத் போலோ!" என்று அர்த்தம் சொல்லி, எல்லாரையும் கூடச் சொல்லச் சொல்லிவிட்டுக் கத்தினாள்.

"பிளாஸ்டிக் பாய் வேண்டாம், வேண்டாம்!"

மராத்தியில் பாய் என்றால் கால்.

பிளாஸ்டிக் கால் வேண்டாம், வேண்டாம்.

பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சகாராம் காகாவைப் பார்த்தார்கள். காகா எடைக்கல்லால் தன் காலைத் தட்டினார். டக் டக்.

"அக மாஜா பாய் பிளாஸ்டிக்சா! நக்கோ மண்தே? மீ சாலு கசா?" என் காலே பிளாஸ்டிக், அது வேண்டாம் என்கிறாளே, நான் எப்படி நடப்பது?

மண்டயே சிரித்தது. கீரைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். காகாவும்தான். ஷ்ரேயா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆண்ட்டி முகம் சிவந்து, எல்லார் முன்னாலும் என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா இப்படி எழுதி வச்சிருக்கே?"

நான் எழுதவில்லை. கவர் என்று எழுதினேன். ஆனால் அந்தச் சீட்டு முந்நூறிலும் என் பேர்தான். யாரோ அதைப் படித்து, "கௌசல்யா யாரு?" என்று கேட்டார்கள்.

ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் கால் காகா கடைக்குப் போயிற்று. ஒரு பையைத் தூக்கிக் காட்டினேன்.

"காகா, பாய் நாஹி. பிஷவி. தமிழ் மத்யே பை. பிஷவி."

பதினொன்று மார்க் வாங்கிய மராத்தி.

காகா பையை வாங்கி இழுத்துப் பார்த்தார். கைப்பிடி மூலையைப் பெருவிரலால் அழுத்தினார். "பிஷவி! அஸ சாங் நா, போரி." அப்படிச் சொல்லு பெண்ணே. பிறகு வெங்காயம் விற்கிற அதே குரலில் ஆரம்பித்தார்:

"பிஷவி ஆணா, பாஜி ந்யா! பிஷவி ஆணா, பாஜி ந்யா!"

பை கொண்டு வா, காய் கொண்டு போ. எதிர்க் கடை பிடித்துக்கொண்டது. பிறகு கீரை. பிறகு வாங்க வந்தவர்கள். நாலே தட்டு. நான் கை தட்டித் தட்டித் தேடியது இதைத்தான்.

நூறு பையும் அரை மணியில் போயிற்று. ஒரு அம்மா மூன்று வாங்கி, மூன்றையும் மடித்து கேரிபேக்கில் போட்டுக்கொண்டு போனாள்.

சீட்டை யாரும் வாங்கவில்லை. கட்டோடு தூக்கிப் போடச் சொன்னார் ஆண்ட்டி. காகா கேட்டார், கொடுத்தேன்.

ஜூலை 14, திங்கள்

மழை. உடம்பெல்லாம் வலி. ரவிக்கை இரண்டு நிற்கிறது, தொடவில்லை.

சாயங்காலம் அப்பா மிளகாய் வாங்கி வந்தார். கூம்பாகச் சுருட்டிய காகிதத்தில். பிரித்தால் என் கவிதை. ஈரத்தில் பேர் கலங்கியிருந்தது. காகாதான் என் சீட்டை மிளகாய்க்காரருக்கும் கொடுத்திருக்கிறார்.

அப்பா ஒரு வரி விடாமல் படித்தார். "நல்லாத்தான இருக்கு. மிளகாய்க்குக் கவர் மிச்சம்."

சிரிப்பு வரவில்லை. ஆனால் காகிதத்தைக் குப்பையில் போடவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆண்ட்டி போன். அடுத்த தடவை பை கொடுப்பது சிஞ்ச்வட் மண்டயில். இன்னொரு கவிதை வேண்டுமாம். "அன்னிக்கு உன்னைச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. தப்பு எம்மேலதான். இந்தத் தடவை நீ எழுதறதை நான் தொட மாட்டேன். பேரும் உண்டு."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தேன். அவர் ஹலோ ஹலோ என்றார்.

"பேர் வேண்டாம் ஆண்ட்டி. ஆனா வரியை மண்டயில சொல்லிப் பாத்துட்டுத்தான் தருவேன்."

"யார்ட்ட?"

"கடைக்காரங்ககிட்ட."

ஜூலை 20, ஞாயிறு

தூறல். தக்காளி வாங்கப் போனேன். காகா இன்று தக்காளியும் போட்டிருக்கிறார். நம் ஆட்கள் இங்கே கடையில் நிஜமாக எப்படிப் பேசுகிறார்கள் என்று இந்த இரண்டு நாளும் கேட்டு வைத்ததில் ஒரு வரி வந்திருந்தது; அதைச் சொல்லிப் பார்க்கத்தான் போனேன். பாதி மராத்தி, பாதி தமிழ். வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் ஒரு கவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். காகா சாக்குக்கு அடியிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார். கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்களே என்று என்னிடம் கையை விரித்தார்.

என் முறை. சொன்னேன். சத்தமே வரவில்லை.

"மோட்யானே, போரி!" சத்தமாகச் சொல்லு என்கிறார் காகா.

"காகா, கேரிபேக் நக்கோ! கையில இருக்கு, போடுங்க!"

பின்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காகா முதல் பாதிக்குத் தலையாட்டினார். "போடுங்க மஞ்சே காய்?" அப்படியென்றால் என்ன?

பையை விரித்துப் பிடித்தேன். காகா தராசுத் தட்டைச் சாய்த்தார். ஒரு கிலோ. அதில் ஒன்று நசுங்கியிருந்தது.