மண் கூரையில் ஒரு துணிக்கொடி

புகாரா,
டிசம்பர் 3, 1997

அன்புத் தோழி முனவ்வருக்கு ஸனோபர் எழுதுவது. தாஷ்கெண்டில் மகன் வீட்டில் நீயும் நலம்தானே?

முதலில் நல்ல செய்திகள். பேத்தி ஷஹ்லோ மாவட்டக் கணக்குப் போட்டியில் முதலாவதாக வந்துவிட்டாள். இரண்டாவதாக வந்தவன் தலைமையாசிரியரின் மகன்! பெரிய பேரன் பெஹ்ருஸுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மகள் வயிற்றுப் பேத்தி நிலூஃபர் தங்கநூல் தையலில் ஒரு மேலங்கியைத் தன்னந்தனியாக முடித்தாள். அவளுடைய ஆசிரியையே தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் மேலாக, நவம்பர் இருபதாம் தேதி மருமகள் நிகோராவுக்கு ஆண் குழந்தை. ஸர்வர் என்று பெயர். நாலு கிலோ! நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் வீட்டில் இனி யாரும் நிற்க மாட்டார்கள்.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. நீ எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டு அறைகளிலும் வெயில் வராது, உனக்கே தெரியும். முற்றத்தில் திராட்சைப் பந்தலும் அடுத்த வீட்டு உயரச் சுவரும் மறைக்கின்றன. குழந்தைத் துணியை அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துகிறோம். சுவரெல்லாம் வியர்க்கிறது. குழந்தைக்கு இருமல். டாக்டர் வந்தவர், "ஏம்மா, இது வீடா குளியலறையா? ஈரத் துணிய வெளிய கொண்டு போங்க, இல்லேன்னா நெஞ்சுல இறங்கிடும்" என்று நிகோராவைத் திட்டிவிட்டுப் போனார்.

காலை பத்து முதல் மூன்று மணி வரை உன் கூரையில் நல்ல வெயில். அங்கே ஒரு கொடி கட்டிக்கொள்ளட்டுமா? மண் பூசிய தட்டைக் கூரை என்பதை மறக்கவில்லை. கழிகளை மண்ணில் குத்த மாட்டோம். கல் நிரப்பிய இரண்டு பெயிண்ட் டின்களில் நட்டுப் பலகைமேல் வைப்போம், பலகை உத்திரத்துக்கு நேர் மேலே இருக்கும். நடப்பதும் உத்திரத்தின் மேலேதான், அதுவும் கம்பளிக் காலணியோடு. துணியை இரண்டு பேர் பிடித்து முறுக்கிப் பிழிந்து, முற்றத்தில் தொட்டிமேல் ஒரு மணி நேரம் சொட்டவிட்டுத்தான் மேலே ஏற்றுவோம். மின்கம்பி வடக்கு மூலையில் போகிறது, கொடி தெற்கு ஓரத்தில். பனி பெய்தால் அன்றே என் மகன் வாரிவிடுவான். ஏணியைப் பிள்ளைகள் ஏறாதபடி கீழே படுக்க வைத்துவிடுவோம். பெண்களின் உள்துணி ஒன்றும் மேலே போகாது.

ஒரு வரி எழுதினால் போதும்.

உன் ஸனோபர்


தாஷ்கெண்ட்,
டிசம்பர் 11

ஸனோபர்,

உன் கடிதம் வந்தது. பிள்ளைகள் பெரிய ஆளாகட்டும், பிறந்தவன் நூறு வயது வாழட்டும்.

கூரையைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள். நான் தடுப்பேனா? ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டில் என் கணவரின் அண்ணன் கோதிர் இருக்கிறார். ஐந்து வேளையும் தொழுகிறவர், பகலில் கூரையில் துணி தொங்கினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் சூரியன் மறைந்த பிறகு காயப்போட்டு, விடியுமுன் எடுத்துவிடுங்கள். நீ சொன்ன மற்ற வாக்குறுதிகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

முனவ்வர்


புகாரா,
டிசம்பர் 18

முனவ்வர்,

உன் பதிலை மூன்று முறை படித்தேன். படிப்புக் குறைவால் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று நிகோராவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அதேதான்.

குழந்தைக்கு இன்னும் நாற்பது நாள் முடியவில்லை. நாற்பது நாள் ஆகாத குழந்தையின் துணி சூரியன் மறைந்தபின் வெளியே கிடக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? உன் அம்மா. என் மூத்தவன் பிறந்தபோது நான் மறந்துவிட்ட ஒரு துணியை இருட்டுவதற்குள் ஓடி எடுத்து வந்தது யார்? நீ. அப்படியிருக்க, ராத்திரியில் போடு என்கிறாயே. அந்த நம்பிக்கையை விட்டாலும், டிசம்பர் ராத்திரியில் துணி உலராது, தகரம் மாதிரி விறைக்கும். உள்ளே கொண்டுவந்தால் உருகி மறுபடியும் அதே ஈரம்.

கோதிர் அண்ணனுக்குச் சங்கடம் என்றால் அவர் பக்கம் ஒரு கித்தான் மறைப்புக் கட்டுகிறேன். நாற்பது நாள் முடிகிற வரைக்குமாவது பகலில் விடு. ஸர்வருக்கு இப்போது மூச்சில் சத்தம் வருகிறது.

ஸனோபர்


தாஷ்கெண்ட்,
டிசம்பர் 27

ஸனோபர்,

நான் சொன்னது சொன்னதுதான். மறைப்புக் கட்டினால் காற்றில் கூரை விளிம்பு பெயரும். பிறகு யார் பூசுவது?

வெளிப்படையாகவே எழுதுகிறேன். என் மருமகள் லோலா வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு தடவை கரு தங்கவில்லை. உனக்குத் தெரியும், லோலாவின் கையை நீயே பிடித்து அழுதாய். அப்படியிருந்தும் கூரை கேட்கிற கடிதத்தில் முதல் பாதி முழுக்க உன் பிள்ளைகளின் ஜெயம். அதை லோலாதான் எனக்கு வாசித்துக் காட்டினாள். 'நாலு கிலோ' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் வீட்டுக் கூரையில் குழந்தைத் துணி ஆடினால் தெரு முழுக்கத் தெரியும். "முனவ்வர் வீட்டுல கடைசியா தொட்டில் கட்டியாச்சா?" என்பார்கள். "இல்ல, குடித்தனக்காரங்களோடது" என்று இன்னொருத்தி சொல்வாள். அதை நான் ஏன் கேட்க வேண்டும்?

முனவ்வர்


புகாரா,
ஜனவரி 16, 1998

முனவ்வர்,

இந்தக் கடிதத்தில் பிள்ளைகளைப் பற்றிப் பெருமை எதுவும் இல்லை. முதல் கடிதத்தில் எழுதியது தப்பு. லோலாதான் வாசிப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் முகத்தை நினைத்தால் அதை எழுதிய கை கூசுகிறது. அவளிடம் சொல்லிவிடு.

ஆனால் மற்றதைக் கேள். உன் கடிதம் வந்த மறுநாள் நான் கோதிர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். முக்காடு சரிசெய்துகொண்டு வாசலில் நின்று, "அண்ணே, எங்க துணியால உங்களுக்குச் சங்கடம்னு முனவ்வர் எழுதியிருக்கா, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றேன். அவர் ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன துணி? என்கிட்ட யாரு கேட்டா? நான் வாயைத் தொறக்கவேயில்லையே."

"பகல்ல காயப்போட்டா உங்களுக்குப் பிடிக்காதாமே."

"எங்க வீட்டுப் பொம்பளைங்க நாப்பது வருஷமா கூரை மேல பகல்லதான் காயப்போடறாங்க. அது உன் கண்ணுல படலையா? போம்மா, போய்க் கட்டிக்க. முனவ்வர் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

அவர் சொன்னாலும் கூரை உன்னுடையது. நான் கட்டவில்லை. நீ எழுதினபடி இரவில் காயப்போடுவதற்கு நிகோராவுக்கு மனம் வரவில்லை. துணி அடுப்புக்கு மேலேயே தொங்கியது. ஜனவரி நாலாம் தேதி குழந்தையை மருத்துவமனையில் சேர்த்தோம். நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். பன்னிரண்டு நாளாக அங்கேதான் இருக்கிறான். ஊசிக்கு அழுவதற்கும் அவனுக்கு மூச்சுப் போதவில்லை. பிழைப்பான் என்கிறார்கள், இருமல் மட்டும் கூடவே வளரலாம் என்கிறார்கள்.

என் மேல் உனக்குக் கோபம் இருந்தால் என்னைத் திட்டியிருக்கலாம். "கூரை தரமாட்டேன்" என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். நான் அன்றே வேறு வீடு தேடியிருப்பேன். தருகிறேன் என்று எழுதி, நான் எடுக்க முடியாத நேரத்தைப் பார்த்துக் கொடுத்தாயே. அந்த நேரம் எது என்று உன் அம்மாவுக்கும் எனக்கும் உனக்கும்தானே தெரியும்.

வெயில் விழுகிற ஓர் அறை கிடைத்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை போகிறோம். பெயிண்ட் டின்களும் கழிகளும் முற்றத்தில் இருக்கின்றன, கல்லைக் கொட்டிவிட்டேன். கூரையில் ஒரு காலடியும் இல்லை. சென்ற வாரப் பனியை என் மகன் வாரிப் போட்டான், அது மட்டும்தான். சாவி கோதிர் அண்ணனிடம் இருக்கும்.

சின்ன வயதில் நாம் பருத்தி பறிக்கப் போனபோது எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. அதில் நீ என் தோளில் கையைப் போட்டுச் சிரிக்கிறாய். இத்தனை கடிதமும் அந்த முகத்துக்குத்தான் எழுதினேன் என்று இப்போது தெரிகிறது. இப்போது எடுத்த படம் ஒன்று இருந்தால் தபாலில் அனுப்பு.

ஸனோபர்