கட்டத்துக்குள் வராத பிலோமி

மேற்பிரிவு,
தெஹியோவிட்ட.
ஒக்டோபர், ஞாயிறு மாலை.

அன்புள்ள சுகந்திக்கு,

மாதாவின் தயவில் நானும் எஸ்தரும் சுகமாக இருக்கிறோம். அந்த வீட்டில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம்? சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். அதற்குள் உன் மேடம் கூப்பிட்டுவிடுகிறார். றஹீமா லீவு முடிந்து புதன்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். நீ வேலை செய்கிற வீதிக்குப் பக்கத்து வீதிதான் என்பதால் இதைக் கையில் தருவதாகச் சொன்னாள். பத்திரிகையில் நான் வரைகிற படக்கதையையும் வெட்டி வைத்திருக்கிறேன். இதுவரை போனில் ஒன்றிரண்டுதான் பார்த்திருக்கிறாய். முழுவதையும் பார்த்துவிட்டு எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

இங்கே மழை விடுவதாக இல்லை. இறப்பர் மரம் நனைந்து கிடப்பதால் பால்வெட்டு பாதி நாள் நிற்கிறது. வெட்டு இல்லாவிட்டாலும் ஒபீசில் எனக்கு வேலை குறைவதில்லை, ஏன் வெட்டவில்லை என்று கொழும்புக்கு எழுதுவதும் என் தலையில்தான். முதுகு வலிக்கிறது. வீட்டுக்கு வந்து பென்சிலைப் பிடித்தால் கை நிற்க மறுக்கிறது. ஆனாலும் பிடிக்கிறேன். அந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

பத்திரிகைக்கு முதலில் நான் அனுப்பியது ஆறு ஒபீஸ் படங்கள். துரை, பெரிய கிளாக்கர், பால் நிறுக்கும் தராசு, அதைச் சுற்றிச் சண்டை. ஞாயிறு இணைப்பைப் பார்க்கிற ஆதிப் சேர் போன் எடுத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சுற்றி வளைத்துப் பேச மாட்டார். "டெனிஸ்டன், இது ஆறு ஜோக். தொடர் இல்ல. உங்க ஆளுக்கு எப்பவும் என்ன வேணும்? அத யாரு தடுக்கிறாங்க? அது ரெண்டும் தெரிஞ்சா வாரா வாரம் கதை தானா வரும். தெரியாட்டி ஏழாவது வாரம் முழிப்பீங்க" என்றார். தராசுச் சண்டை தோட்டத்துக்கு வெளியே யாருக்கும் விளங்காது என்றும் சொன்னார். துரைக்கு விளங்கினால் என் வேலை போகும் என்பது அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

அப்படித்தான் வீட்டுக்குள் வந்தேன். செபஸ்தி என்று ஒரு கிளாக்கர். அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு மணி நேரம் சும்மா இருப்பது. அவன் மனைவி பிலோமி. வீட்டில் ஒரு பொருளும் பழுதாகக் கிடக்கக் கூடாது என்பது அவளுடைய ஆசை. நடுவில் கேள்வி கேட்டே கொல்கிற ஒரு மகள். யார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

வரைவது நீ நினைப்பதுபோல் இல்லை. முதலில் படம் வரைவதே கிடையாது. நாலு கட்டம் போட்டு எழுத்தைத்தான் முதலில் எழுத வேண்டும். நம்முடைய சொற்கள் நீளம். படத்தை வரைந்துவிட்டு எழுத்தை நுழைத்தால் பிலோமியின் தலை போய்விடும். எழுதி முடித்த பிறகு அதைச் சுற்றிப் பேச்சுக் குமிழ், மிச்ச இடத்தில்தான் ஆட்கள். முதலில் பேசுகிறவர் இடது பக்கம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வாசிக்கிறவர் பதிலை முதலில் வாசித்துவிட்டுக் கேள்விக்கு வருவார். கடைசிக் கட்டத்தில் சொல் குறைய வேண்டும். நான் எப்போதும் அங்கேதான் விளக்கம் எழுதி வைப்பேன், ஆதிப் சேர் எப்போதும் அதைத்தான் அடிப்பார். அச்சில் வருவதைப்போல இரண்டு மடங்கு பெரிதாக வரைகிறேன், சிறிதாக்கும்போது கை நடுக்கம் மறைந்துவிடுகிறது. மைக்கு அடியில் முதல் கோடு இழுக்க இளநீலப் பென்சில். டவுனில் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் பண்ணும்போது அந்த நீலம் விழாது, அழிக்கிற வேலை மிச்சம்.

ஆளை முழுக்கக் கறுப்பாக நிரப்பினாலும் இவர் யார் என்று தெரிய வேண்டும் என்றார் ஆதிப் சேர். செபஸ்திக்குத் தொந்தி. மகளுக்கு இரட்டைப் பின்னல். பிலோமிக்கு உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டை, அதில் குறுக்கே ஒரு சீப்பு. நீ மழை நாளில் அப்படித்தான் கட்டுவாய். மூன்று பேரையும் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். வாராவாரம் மூக்கு மாறாமல் இருக்க அதுதான் காவல்.

வந்தது வினை. பெயரை மாற்றினேன், கொண்டையை மாற்றவில்லை. மூன்றாவது ஞாயிறு பிலோமி கூரைத் தகரத்தில் ஏறி நின்று செபஸ்தியைத் திட்டுகிற படம் வந்தது. திங்கட்கிழமை லொறி டிரைவர் ஒபீஸ் வாசலில் நின்று, "நோனா ஆவத?" என்று கேட்டார். படத்தைப் பார்த்துவிட்டு நீ வந்துவிட்டாய் என்றே நினைத்துக் கேட்கிறார். கீழ் லயத்துக் கோகிலா, "அக்கா வந்துட்டாங்களாமே, குவைத் சவுக்காரம் ஒண்ணு கெடைக்குமா" என்று வாசலுக்கே வந்தாள். பேப்பரில் வந்ததற்குப் பிறகு, நீ வரவில்லை என்று நான் சொன்னால் யார் நம்புகிறார்கள்? மாதா கோவிலில் பீடத்துக்குப் பூ வைக்கிற முறைப் பட்டியலில் உன் பெயரையே போட்டுவிட்டார்கள். உன் அக்கா மரியம்மா போய்ச் சண்டை போட்டு எடுத்துவிட்டு, உனக்குப் பதிலாகத் தானே பூ வைத்துவிட்டு வந்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். எஸ்தரின் விஷயம் அப்படியில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "உங்கம்மா வந்துட்டாங்களா" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் ஆமாம் என்றிருக்கிறாள். ஒரு நாள் சொன்னால் பரவாயில்லை, இரண்டு வாரம் சொல்லியிருக்கிறாள். அம்மா இடியப்பம் அவித்தாள், அம்மா தலை பின்னிவிட்டாள் என்று. டீச்சர் கூட்டத்துக்கு அம்மாவை வரச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஏசவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று மட்டும் கேட்டேன். "நீங்க மட்டும் வரையலாமா அப்பா" என்றாள்.

தொடரை நிறுத்திவிடுகிறேன் என்று ஆதிப் சேருக்குப் போன் போட்டேன். காரணம் கேட்டார், சொன்னேன். "அப்ப அதையே வரைங்க. பிலோமி வெளிநாட்டுல. போன்ல குரல் மட்டும் வரட்டும், முகம் வேணாம்" என்றார். போனில் வருகிற பேச்சுக்குக் குமிழின் ஓரத்தை வளைவாக இல்லாமல் வாள்பல்போல் கூர்கூராக வெட்டி வரைவார்கள், அதையும் அவர்தான் சொல்லித் தந்தார். அன்றிலிருந்து பிலோமி கட்டத்துக்குள் வருவதில்லை. அவள் அங்கிருந்து வீட்டைச் சரிபார்க்கிறாள், செபஸ்தி குப்பையெல்லாம் கமராவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சுத்தமாக இருக்கிற ஒரே மூலையில் நின்று பேசுகிறான். நாங்கள் ஏன் எப்போதும் அலுமாரிக்குப் பக்கத்திலேயே நின்று பேசுகிறோம் என்று இப்போது உனக்கு விளங்கியிருக்கும். மற்றப் பக்கம் கூரை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறது.

இதுதான் வாசிக்கிறவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. பலாங்கொடையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார், மருமகள் போன் எடுத்தால் தங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஓடுகிறார்களாம். வரக்காப்பொலயில் ஒரு கடைக்காரர் வாராவாரம் கண்ணாடியில் ஒட்டுகிறாராம். ஒபீசில் துரைகூட ஒரு நாள் சிரித்தார். எஸ்தரும் பள்ளிக்கூடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாள். இப்போது வசனத்தில் பாதி அவள் சொல்வதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆதிப் சேர் எட்டு வாரப் படத்தை முன்கூட்டியே கையில் வாங்கி வைத்துக்கொள்வார். நான் காய்ச்சலில் படுத்தாலும் ஞாயிறு நிற்காதே. அதனால் டிசம்பரில் வருகிற நத்தார்ப் படத்தை இந்த மாதமே கொடுக்க வேண்டும். அதோடு அடுத்த வருடமும் தொடரச் சொல்கிறார். உன் ஒப்பந்தம் நவம்பரில் முடிகிறது என்றேன். "அவங்க வந்துட்டா இந்த ஐடியாவே இல்லாமப் போயிடுமே டெனிஸ்டன். வேற ஒண்ணு யோசிக்கணும், அது இப்படிப் பிடிக்குமான்னு சொல்ல ஏலாது. வீட்டுல கேட்டுச் சொல்லுங்க" என்றார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. தொழில் அப்படி.

போன மாதம் மேடம் இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்கிறார் என்று நீ சொன்னாய். உன் இஷ்டம் என்றேன். எஸ்தர் பக்கத்தில் நின்றாள், வேறென்ன சொல்வேன்? முதல் தடவை நீ ஒப்பந்தத்தை நீட்டியபோதும் அதையேதான் சொன்னேன். நீ போகும்போது அவளுக்கு ஐந்து வயது. இப்போது ஒன்பது.

நத்தாருக்கு இரண்டு விதமாகவும் வரைந்து பார்த்தேன். போனில் பிலோமி பேசுகிற படம் அரை மணியில் முடிந்தது, கை தானாகப் போகிறது. பிலோமி வீட்டுக்குள் நிற்கிற படம் வரவேயில்லை. சுவரில் இருக்கிற தாளைப் பார்த்து வரைந்தால் அது நாலு வருடத்துக்கு முந்தைய நீ. இப்போது கொண்டை போடுகிறாயா, மெலிந்துவிட்டாயா, எனக்குத் தெரியாது. நீயும் ஒரே வெள்ளைக் கதவுக்கு முன்னால் நின்றுதான் பேசுகிறாய், கழுத்து வரைக்கும்தான் தெரிகிறது. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் என்ன தள்ளி வைத்திருக்கிறாய் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கூரைத் தகரத்தை நானே மாற்றுகிறேன். மாற்ற முடியாவிட்டால் இன்னொரு வாளி வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பணம் சேர்க்க நீ அங்கே நிற்க வேண்டாம்.

ஆதிப் சேருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மேடத்துக்கு நீ சொல்கிற பதில் எதுவோ, அதுதான் அவருக்கும் என் பதில். எஸ்தர் தினமும் படுக்கப் போகுமுன் முழங்காலில் நின்று ஒரு செபம் சொல்கிறாள், நானும் கூடச் சொல்கிறேன். எங்கள் தொடர் இந்த வருடத்தோடு நின்றுபோக வேண்டும் என்று. உனக்கு நேரம் கிடைக்கும்போது அங்கிருந்து நீயும் அதையே சொல்.

மாதா உனக்குத் துணை.

உன்,
டெனிஸ்டன்.