தலை தெரியுது, தள்ளு

மார்ச் 2
ஊசிக்கு மலைக்கோயிலுக்குப் போகணுமாம். டெய்லர் கடை வச்சிருக்கிற என் சிநேகிதிக்கு ஊசின்னு நான்தான் பேர் வச்சேன், அவ நாக்கும் அப்படித்தான். புருஷனுக்குக் காய்ச்சல் இறங்கினா நடந்தே ஏறி வரேன்னு நேர்ந்துக்கிட்டாளாம். போன வருஷம் நாத்தனாரோட போய்ப் பாதியில மயங்கி விழுந்துட்டா. இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்ல விசேஷம்னா அதைச் சொல்லித்தான் சிரிக்கிறாங்க. "இந்தத் தடவை நீ வா டீ"ன்னா.

நான் வராம யார் வருவா? பிரசவ வார்டு நர்ஸ் நான். முடியலைங்கிறவங்களை முடிக்க வைக்கிறதுதானே என் பொழப்பு!

மார்ச் 7
ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல ஒத்திகை. மூணாவது மாடியில மூச்சு வாங்கினா. "முடியும், முடியும், இன்னும் கொஞ்சம்தான்"னேன். நின்னு என்னை ஒரு பார்வை பார்த்தா.

"எனக்குப் பிரசவம் இல்ல டீ."

அப்புறம் படியில உட்கார்ந்து மெதுவாச் சொன்னா: "நீ முடியும் முடியும்ங்கும்போது, முடியலைன்னு சொல்ல வாய் வரல. போன தடவையும் நாத்தனார் இப்படித்தான். நெஞ்சு படபடங்குதுன்னு சொல்லாமயே ஏறினேன். அதான் விழுந்தேன்."

உற்சாகப்படுத்துறோம்னுதானே நினைச்சேன்!

மார்ச் 8
பேசி முடிவு பண்ணிட்டோம். "கிட்ட வந்தாச்சு" கிடையாது. அது பொய்னு தெரிஞ்சா அப்புறம் எதையும் நம்ப மாட்டா. "இவ்ளோ தூரம் வந்துட்டு" கிடையாது. "நல்லா இருக்கியா"வும் கிடையாது, அதுக்கு எப்பவும் "ம்"தான் வரும். "உட்காரலாமா, மெதுவா நடக்கலாமா, இறங்கலாமா?" மூணையும் ஒரே குரல்ல கேட்கணும். இறங்கலாமாங்கும்போது மட்டும் குரல் தொங்கக் கூடாது! பாதி வழியில தண்ணிக் கொட்டகை இருக்கு. அங்கே நின்னு அவளே முடிவு சொல்வா. நெஞ்சு வலி, தலைசுத்தல்னா மட்டும் ஓட்டெடுப்பு இல்ல, ரெண்டு பேரும் கீழே.

வீட்டுக்காரர்கிட்ட ஒத்திகை பார்த்தேன். ஏணி மேல நின்னு ஃபேன் துடைச்சுக்கிட்டிருந்தார். "இறங்கலாமா?"ன்னேன். விட்டா போதும்னு இறங்கிட்டார். ஃபேன் பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

மார்ச் 15
மலை. கால் எல்லாம் வலி, எழுதியே ஆகணும்.

ஆரம்பத்துல நான் முன்னால நடந்து நடந்து நின்னேன். அவ வந்து சேர்ந்ததும் கிளம்பினேன். "நீ இளைப்பாறுற, நான் இளைப்பாறவே இல்லையே!"ன்னு கத்தினா. நியாயம்தானே. பின்னால போயிட்டேன், அவ வேகம்தான் வேகம். தப்பா எதுவும் வந்துடக் கூடாதேன்னு வாயையும் மூடிக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல, "ஏன் மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்க? நான் லேட் பண்றேன்னு கோவமா?" அட கடவுளே, பேசினாலும் குத்தம், பேசாட்டியும் குத்தம்! என் மாமியார் சண்டைக் கதையை எடுத்து விட்டேன். அதுக்கப்புறம்தான் அவ தோள் கொஞ்சம் இறங்குச்சு.

கொட்டகைக்கு முன்னால செங்குத்தான ஏத்தம். மேலே கூரை தெரிஞ்சதும் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துச்சு:

"தலை தெரியுது! மூச்சை இழுத்துப் பிடி! தள்ளு!"

மலையே நின்னு போச்சு. "யாருக்கும்மா வலி?"ன்னு ஒரு பெரியவர் ஓடி வந்தார். ரெண்டு பொம்பளைங்க சால்வையை விரிச்சு மறைப்புக் கட்டினாங்க. ஒருத்தர் எங்கிருந்தோ வெந்நீர் கொண்டு வந்துட்டார்! ஐம்பத்தாறு வயசு ஊசி நடுவுல உட்கார்ந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறா. அதைப் பார்த்து அவங்களுக்குப் பயம் இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. பிரசவம் இல்லைன்னு நம்ப வைக்கிறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிடுச்சு.

கொட்டகைக்கு வந்து சேர்ந்தோம். தண்ணி குடிச்சா. "மூட்டு விண்ணுவிண்ணுங்குது. இறங்கலாம்"னா.

தொண்டை வரைக்கும் வந்துச்சு: இவ்ளோ தூரம்... முழுங்கிட்டேன். "சரி"ன்னேன்.

அவ என் மூஞ்சியவே பார்த்தா. 'ஆனா'வுக்குக் காத்திருந்தா போல. வரல. பையை வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டேன். அவ பொலபொலன்னு அழுதுட்டா. எனக்கும் வந்துடுச்சு. இறக்கத்துலதான் மூட்டுக்குப் பாரம் அதிகம், குச்சி ஊணிப் பக்கவாட்டுல மெதுவா இறங்கினோம்.

மார்ச் 16
வார்டு. வலி.

ஏப்ரல் 11
டியூட்டியில இருந்தப்போ போன். ஊசி. காத்துச் சத்தம். "கொட்டகையில இருக்கேன் டீ. தனியா வந்தேன், கோச்சுக்காத. இறங்கினாலும் நீ ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சதும்தான் வர தைரியமே வந்துச்சு. இப்ப மூச்சு வாங்குது."

"நெஞ்சு?"

"அதெல்லாம் இல்ல. மூச்சு மட்டும்."

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். முடியலைன்னு யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு."

"சொல்லு."

"முடியல"ன்னா. வச்சுட்டா.

டியூட்டி முடியற வரைக்கும் பத்து தடவை போனை எடுத்துப் பார்த்தேன். ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வந்தா. செருப்பெல்லாம் மண்ணு. சோபாவுல உட்கார்ந்தா. காபி கொடுத்தேன். மேலே போய்ச் சேர்ந்தியான்னு கேட்டா அழுத்தமாயிடுமேன்னு, மூட்டு எப்படி, பஸ்ல உட்கார இடம் கிடைச்சுதா, இதையே சுத்திச் சுத்திப் பேசினேன். டம்ளரை ணங்குன்னு வச்சா.

"கேளேன் டீ, சனியனே!"

கேட்டேன்.