அஞ்சலட்டையின் வலது ஓரம்

நானாவுக்கு,

நேற்று என் மகள், உங்கள் கொள்ளுப்பேத்தி, போனில் வந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். ஓரத்து எழுத்து திரைக்கு வெளியே போனதும் சட்டென்று இந்தப் பக்கம் இழுத்தாள், வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்குக் கோபமே வந்தது. உங்களுக்கும் எனக்கும் ஓர் அஞ்சலட்டையின் ஓரம் அவ்வளவு சுலபத்தில் வரவில்லையே.

ராயப்பேட்டை வீட்டில் எனக்கும் அன்வருக்கும் நிச்சயம் பேசிக்கொண்டிருந்த நாள் அது. தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். அன்வர் ஒரு காலத்தில் நம் பக்கத்து வீட்டுப் பையன், பிறகு அடையாறுக்குக் குடி போனவன். எனக்கு அவனைப் பிடிக்கும் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் பிரியாணியில் கை வைத்த நேரத்தில் அவனுடைய பெரியம்மா கேட்டார்:

"ரெட்டைல ஒண்ணுக்கு என் தங்கச்சிதானே பால் குடுத்தா? அது எது?"

யாரும் சாப்பிடவில்லை. ஒரு பெண்ணிடம் பால் குடித்த குழந்தை அவளுக்குப் பிள்ளையாகிவிடும். அவள் பெற்ற பிள்ளைகள் அதற்குக் கூடப் பிறந்தவர்கள். அவர்களுக்குள் நிக்காஹ் கிடையாது. ஆனால் குடித்த குழந்தைக்கு மட்டும்தான் அந்தத் தடை, அதன் உடன்பிறப்புக்கு இல்லை. நானும் ஷமீமும் இரட்டை. அவள் சில நிமிடம் மூத்தவள், அப்போதே கல்யாணமாகி வேலூரில் இருந்தாள். குடித்தது அவள் என்றால் எனக்கு அன்வர் உண்டு. குடித்தது நான் என்றால் அவன் எனக்கு அண்ணன்.

சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர், என்னைப் பெற்ற அம்மியும் அன்வரின் அம்மாவும், மண்ணுக்குள் போய்விட்டார்கள். நாங்கள் பிறந்தபோது அப்பா கப்பலில். நீங்கள் வேலைக்காக ஹைதராபாத்தில், ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தீர்கள். அம்மி சொல்லச் சொல்ல அவருடைய தம்பி, என் மாமுதான், உங்களுக்குக் கார்டு எழுதுவார். மஸ்கட்டில் இருந்த அவருக்கு போன் போட்டோம். "எனக்கு அப்ப பதினோரு வயசு. என்ன எழுதினேன்னு எவனுக்கு ஞாபகம்?" என்றார். அன்று கார்டைப் படித்த உங்களுக்கும் எது என்று நினைவில்லை.

அந்த ஹைதராபாத் நண்பர் உங்கள் பழைய கார்டுகளை இன்னும் வைத்திருந்தார். கார்டு உதிர்கிறது, தபாலில் அனுப்பினால் தூள்தான் வந்து சேரும் என்று அவருடைய மகன் அதைப் படமெடுத்து, படத்தை அனுப்பினான். மேல் பாதியில் மாமுவின் உருது. மிச்சம் இருந்த இடத்தை வீணாக்காமல் கீழ்ப் பாதியில் அன்வரின் அம்மா, யாராவது உங்களுக்குப் படித்துச் சொல்வார்கள் என்று, தமிழில் எழுதியிருந்தார். உங்களுக்குத் தமிழ் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நான் குர்ஆன் ஓதுவேன், அதில் உச்சரிப்புக் குறிகள் இருக்கும். குறிகளே இல்லாத மாமுவின் கிறுக்கல் உருது எனக்கு வெறும் கோடு. ஆளுக்குப் பாதிதான் நமக்குப் படிக்கத் தெரிந்தது.

படத்தில் வலது ஓரம் இல்லை. தமிழ் இடமிருந்து போகிறது, அதனால் ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் அறுந்திருந்தது. உருது வலமிருந்து வருகிறது, அதற்குத் தொடக்கமே காணோம்.

"பால் பத்தலை. பெரிய" என்று என் வரி நின்றது. அடுத்த வரி "நான் குடுக்குறேன்" என்று தொடங்கியது.

"பெரியவளுக்கு நான் குடுக்குறேன்! ஷமீம்தான் நானா!" நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

நீங்கள் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு, உங்கள் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வீட்டில் நாம் உருது பேசுவோம். சண்டை வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும், நீங்களும் விடாமல் தமிழிலேயே பதில் சொல்வீர்கள்.

"இன்னா நானா பாத்துக்கினு கீறீங்க? அதான் எழுதிக்கீதே."

"எழுதல பேட்டா. நீ ஒட்ட வச்சே."

பிறகு விரலால் காட்டினீர்கள். மகன் தகப்பனுக்கு எழுதினால் முதல் வரி எப்போதும் 'ஜனாப் வாலித் ஸாஹிப் கிப்லா' என்றுதான் தொடங்கும். படத்தில் 'ஸாஹிப் கிப்லா' மட்டும் இருந்தது. அப்படியென்றால் ஓரத்தில் இரண்டு வார்த்தை போயிருக்கிறது. ஒரே கார்டு, ஒரே ஓரம், தமிழிலும் அதே அளவு போயிருக்க வேண்டும். 'வளுக்கு' என்ற துண்டு அந்த இடத்துக்குப் போதாது. தவிர, உருதுவில் நடுவே ஒரு வரி 'குடிக்கவில்லை, அதனால்' என்று தொடங்கி, அதற்கடுத்த வரி 'பக்கத்து வீட்டம்மா பால் கொடுக்கிறார்' என்று போனது.

"யாரோ குடிக்கல. அதனால வேற யாருக்கோ குடுத்தாங்க. உன் வாக்கியத்துல அந்தக் குடிக்காதவ எங்கே?"

எனக்கு அழுகை முட்டியது. "நீங்க சும்மா இருந்தா போதும், எல்லாரும் ஒத்துப்பாங்க."

"இல்லாத எழுத்தை என்னால படிக்க முடியாது."

உங்களை அந்த நிமிடம் வெறுத்தேன் நானா. வெறுத்துக்கொண்டே படம் வந்த கவரை உதறினேன். உள்பையிலிருந்து நெகட்டிவ் துண்டு விழுந்தது.

தி. நகர் ஸ்டுடியோவுக்கு ஆட்டோவில் போனோம். தேனாம்பேட்டை சிக்னலில் நின்றபோது நீங்கள் துஆ ஓதிக்கொண்டிருந்தீர்கள். எதைக் கேட்டு ஓதினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஸ்டுடியோக்காரர் நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தார். "மெஷின்ல பிரிண்ட் போட்டா ஓரம் கொஞ்சம் கட்டாயிடும் பாய். இதுல முழுசா கீது." வெளிச்சப் பெட்டியைப் போட்டு, கண்ணருகே வைக்கிற சின்ன லென்ஸைத் தந்துவிட்டு வாடிக்கையாளரைப் பார்க்கப் போனார்.

முதலில் பக்கம் மாற்றி வைத்துவிட்டோம், எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி இருந்தது. பளபளப்பான பக்கத்தை மேலே திருப்பியதும் நேரானது. கார்டு கருத்து, எழுத்து வெளிச்சமாகத் தெரிந்தது. உங்கள் வரி தொடங்குவதும் என் வரி முடிவதும் அதே நகக்கண் அகல ஓரத்தில்தான். நீங்கள் முதலில் குனிந்தீர்கள். நிமிர்ந்து, லென்ஸை என்னிடம் கொடுத்தீர்கள்.

"பெரியவ வாங்கல, சின்னவளுக்கு" என்றிருந்தது. அடுத்த வரி எனக்கு மனப்பாடம்.

உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எனக்கு உருது படிக்கத் தெரியாது. நான் மாற்றிச் சொல்லலாம், நீங்களும் மாற்றிச் சொல்லலாம். அந்தக் கடையில் நம்மைக் கேட்க ஆள் இல்லை.

"உங்களுதுல இன்னா நானா?"

"நீ சொல்லு. நீ சொல்றதைத்தான் நான் வீட்ல சொல்வேன்."

அதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்கிறது? ஒரு வார்த்தையில் எனக்கு அன்வரைக் கொடுத்துவிடும் அதிகாரத்தை என் கையிலேயே வைத்துவிட்டு, நீங்கள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த யாருடைய கல்யாணப் படத்தையோ பார்த்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் கை மட்டும் என் முதுகில் இருந்தது. நான் சொல்லும் முன்பே அது தட்டிக்கொடுக்கத் தொடங்கியிருந்தது. உங்கள் பாதியில் இருப்பது அந்தக் கையிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சின்னவளுக்கு" என்றேன்.

"ஹாங்" என்று தலையாட்டினீர்கள். அவ்வளவுதான். திரும்பும்போது ஆட்டோவில் நான் அழுதேன், நீங்களும் அழுதீர்கள். ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அன்வர் ஒரு வருடம் வரவில்லை. பிறகு ஒரு பெருநாளன்று ஷீர்குர்மா பாயசம் கேட்டுக்கொண்டு நேரே சமையலறைக்கே வந்து நின்றான். நான் முக்காட்டை இழுத்தேன். அண்ணன் முன்னால் எதற்கு என்று நினைவு வந்து விட்டுவிட்டேன். நெஞ்சு அன்று பழகவில்லை. பழக இன்னும் சில பெருநாள் ஆனது.

நீங்கள் போன அன்று பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். உங்களைக் குழிக்குள் இறங்கி வாங்க உறவுக்காரர்களைக் கூப்பிட்டார்களாம். அன்வர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினானாம். நீங்க யாரு தம்பி என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, "பேரன்" என்றானாம். திரும்பி வந்தவனின் முழங்கை வரை மண் இருந்தது. நான்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

உங்கள் பேத்தி