காலையை மாலையாக்கிய வெண்பா

அன்று உன் அம்மாவிடம் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன்: அந்த வெண்பாவில் தளை தட்டவில்லை.

சொல்லியிருந்தால் அவருக்கு என்ன புரிந்திருக்கும்? ஆனாலும் அது வாய் வரை வந்ததுதான் என்னைத் திடுக்கிட வைக்கிறது. இப்போது மேசையில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணிக்கட்டு ஒன்று பிரிக்காமல் இருக்கிறது. உன் கம்பெனியிலிருந்து போன மாதம் நீ கொண்டுவந்தது. அந்த வெளுப்பு வாடை எழுந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

நீ போன நான்காம் நாள் உன் தம்பி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என் வீடு தேடி வந்தான். "அக்கா, பதினாறாம் நாள் அட்டைக்கு நாலு வரி வேணும். வெண்பான்னா பாக்க நல்லாருக்கும்னு பிரஸ்ஸுல சொல்றாக." எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. லாரி, உன் வண்டி, ஆஸ்பத்திரி வராந்தா எதையும் நினைக்க முடியாமல் இருந்தவளுக்கு அசை பிரிக்கும் வேலை கிடைத்தது.

வெண்பாவில் ஒரு சீரின் வால்தான் அடுத்த சீரின் தலையைத் தீர்மானிக்கும். மாவில் முடிந்தால் அடுத்தது நிரையசையில் தொடங்க வேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்தால் நேரசையில். இதைத் தவிர வேறு தளைக்கு இடமில்லை. கடைசி அடிக்கு மூன்றே சீர். அதிலும் இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில் நிற்க வேண்டும். இந்தக் கெடுபிடிக்குள் இரவெல்லாம் ஒளிந்துகொண்டேன். கடைசி இரண்டு அடிகள் இப்படி அமைந்தன:

மாலை மலர்போல வாடி மறைந்தாயே
சாலை முழுதும் இருள்.

மாலை, தேமா. அடுத்து நிரை வேண்டும், 'மலர்' வந்தது. 'மலர்போல' காய்ச்சீர், அடுத்து நேர் வேண்டும், 'வாடி' வந்தது. மாலைக்கும் சாலைக்கும் எதுகை. மாலை, மலர், மறைந்தாய் என்று மோனை. 'இருள்' மலர் வாய்பாட்டில் கதவைச் சாத்தியது. திருப்தியாக இருந்தது. அந்தச் சொல்லை எழுதக் கூசுகிறது.

ராஜபாளையத்தில் உன் வீட்டுக் கூடத்தில் அதை வாசித்தேன். அம்மா கேட்டார். "நல்லாத்தான் இருக்கு தாயி." பிறகு, "ஆனா எம்மவ காலையிலதான போனா? எம்புட்டு வெயிலு அன்னிக்கி. மாலைன்னு போட்ருக்க?"

'தளை தட்டவில்லை அம்மா' என்று சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். நீ கிளம்பியது காலை எட்டரை மணி. உன் தம்பி போன் செய்தபோது என் ஜன்னலில் கண் கூசும் வெளிச்சம். எல்லாம் எனக்குத் தெரியும். மோனைக்காக உன் சாவின் பொழுதையே மாற்றியிருக்கிறேன், மாற்றியது எனக்குத் தெரியவே இல்லை.

நீ என்னைக் கேலி செய்வாய், நினைவிருக்கிறதா? பழைய பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், "ஏட்டி, ஒன் வெண்பா இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. கல்யாணத்துக்குப் போடலாம், வேலைக்குப் போட முடியாது" என்றாய். "ஒன் அகவல் நைட்டி. எங்க வேணும்னாலும் போட்டுட்டுப் போ" என்றேன். டீ புரையேறச் சிரித்தாய். முடிந்த முடிவாகச் சொல்ல வெண்பா, நடந்ததைச் சொல்ல ஆசிரியப்பாவாகிய அகவல் என்பது உன் கட்சி. அகவல் என்றாலே அழைப்பதுதானே என்பாய்.

"அவ கிளம்பும்போது என்ன சொன்னா அம்மா?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொன்னா. சோத்த மூடி வைம்மான்னா. பூனை வருதுல்ல."

அதை எந்த வெண்பாவில் வைப்பது? அங்கேயே தாளைத் திருப்பி எழுதினேன்:

காலையில் கிளம்பும் போதுநீ சொன்னது
சோற்றை மூடிவை அம்மா என்றாய்

எல்லாம் ஈரசைச் சீர்கள், அடிக்கு நான்கு. முதலடியில் விளத்தை அடுத்து நிரையும் வந்தது, நேரும் வந்தது. மாவை அடுத்து நேர் வந்தது. வெண்பா என்றால் இரண்டு இடத்தில் தளை தட்டியிருக்கும். அகவல் அதையெல்லாம் ஏற்றுக்கொண்டது. எத்தனை அடியில் நிறுத்த வேண்டும் என்றும் கேட்கவில்லை. பூனை வந்தது, வெயில் வந்தது, தென்காசி ரோடு வந்தது, லாரியும் வந்தது. ஈற்றயலடி மூன்று சீராகச் சுருங்கி, கடைசி அடி ஏகாரத்தில் முடிந்தது. முடிந்த பிறகும் அந்த ஏகாரம் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அம்மா, "இன்னொருக்கா வாசி தாயி" என்றார். வாசித்தேன். உன் தம்பி, "நாலு வரிக்குத்தான்க்கா எடம் இருக்கு" என்றான். "எடம் பண்ணச் சொல்லுலே" என்றார் அம்மா.

பதினாறாம் நாள் அட்டையில் அகவல் முழுவதும் வந்தது. இடம் போதாமல் உன் படத்தைச் சிறிதாக்கிவிட்டார்கள்.